ஹெட் போல்ட்டுக்கு ஒரு தமிழ்ப் பக்கம்

தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு கார் பட்டறைக்காக, சிறிய டீசல் எஞ்சின் ஒன்றின் சர்வீஸ் புல்லட்டினைத் தமிழாக்கினேன். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, கேஸ்கட் மாற்றி, திரும்பப் பொருத்தும் வேலை அது. எஞ்சின் வேலைகளில் டார்க் அளவு, அதாவது போல்ட்டை எவ்வளவு விசையோடு திருகி இறுக்குவது என்பது, தவறினால் அதிகச் செலவு வைக்கும் இடமும் அதுதான். ஹெட் கேஸ்கட் சரியாக அமுங்காவிட்டால் சில நூறு கிலோமீட்டரிலேயே கூலன்ட் குறையத் தொடங்கும். அடுத்து எஞ்சின் சூடேறும், ஹெட் வளையும். செய்த வேலையை மறுபடியும் செய்ய வேண்டிவரும். கை வேலையில் குறையே இல்லாத மெக்கானிக்குக்கும் இப்படி நடக்கிறது. அவர் கையில் இருந்த தாளில் எண் இருந்திருக்கும், எண்ணோடு வர வேண்டிய நிபந்தனை இருந்திருக்காது.

அந்தப் பட்டறைச் சுவரில் முன்பே ஒரு தமிழ்த் தாள் ஒட்டியிருந்தது. யார் தயாரித்ததோ தெரியாது, உதிரிபாகப் பெட்டியோடு வந்ததாம். ‘ஹெட் போல்ட்: 40 + 90 + 90’ என்று மட்டும் இருந்தது. 40 எதில், 90 எதில், எண்ணெய் போட்டா, போடாமலா, பழைய போல்ட்டா, புதியதா என்று ஒன்றும் இல்லை. பட்டறையின் ஆசான் (எங்கள் பக்கத்தில் மூத்த மெக்கானிக்கை ஆசான் என்றுதான் அழைக்கிறோம்) அந்தத் தாளைக் காட்டி, “இதில் கடைசி 90-ஐயும் ரெஞ்சில் வைத்து இறுக்கிய பையன் ஒருவன் உண்டு சார், போல்ட் தலை கையோடு வந்தது” என்றார். 90 என்பதை டார்க்கின் அலகான நியூட்டன் மீட்டர் என்று அவன் எடுத்துக்கொண்டிருக்கிறான். அவனைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. தாளில் அப்படித்தான் பொருள்பட்டது.

மூல புல்லட்டின் சொல்வது இதுதான். புதிய போல்ட்டுகளின் மரையிலும் தலையின் அடிப்பரப்பிலும் எஞ்சின் ஆயிலை மெல்லியதாகத் தடவ வேண்டும். பத்துப் போல்ட்டுகளையும் படத்தில் உள்ள வரிசைப்படி 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும். பிறகு அதே வரிசையில் ஒவ்வொன்றையும் 90 டிகிரி திருப்ப வேண்டும். பிறகு அதே வரிசையில் இன்னொரு 90 டிகிரி. இந்த அளவுகள் அந்த எஞ்சினுக்கு மட்டும் உரியவை. வேறு எஞ்சினுக்கு அதன் புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இதை எப்படி எழுதினால் கை சரியாக ஓடும் என்று பார்க்க, வேண்டுமென்றே இரண்டு விதமாக எழுதிக் கொண்டுபோனேன். பட்டறையின் மூலையில் கழித்துப்போட்ட எஞ்சின் பிளாக் ஒன்று ஹெட்டோடு கிடந்தது. வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத தம்பி ஒருவரிடம் முதல் தாளைக் கொடுத்து, “படித்துவிட்டு இதில் செய்து காட்டுங்கள், என்னிடம் எதுவும் கேட்க வேண்டாம்” என்றேன். அதில் ‘எல்லாப் போல்ட்டுகளையும் இறுக்கியபின், ஒவ்வொரு போல்ட்டையும் 90 டிகிரி வீதம் இரண்டு முறை திருப்பவும்’ என்று இருந்தது. இலக்கணப்படி பிழையே இல்லாத வாக்கியம். அவர் முதல் போல்ட்டை 90 திருப்பினார், ரெஞ்சை எடுத்து மாட்டி அதே போல்ட்டை இன்னொரு 90 திருப்பினார், பிறகு இரண்டாவது போல்ட்டுக்குப் போனார். அதாவது நடுவில் உள்ள ஒரு போல்ட் 180 டிகிரி முழுவதையும் வாங்கிக்கொண்டது, பக்கத்துப் போல்ட் 40-இலேயே நிற்கிறது. ஹெட் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். மூன்று படிகளாகப் பிரித்து இறுக்கச் சொன்ன காரணமே அடிபட்டுப்போகும்.

இரண்டாவது தாளில் படிகளைத் தனித்தனியாகப் பிரித்திருந்தேன். முதல் தடவை: 1 முதல் 10 வரை, 40 நியூட்டன் மீட்டர். பத்தும் முடிந்ததா? பார்த்துவிட்டு இரண்டாம் தடவைக்குப் போகவும். இரண்டாம் தடவை: மீண்டும் 1 முதல் 10 வரை, கால் திருப்பு. பத்தும் முடிந்ததா? மூன்றாம் தடவை: மீண்டும் 1 முதல் 10 வரை, இன்னொரு கால் திருப்பு. வேறொரு பையன் இதைப் படித்துத் தடங்கலில்லாமல் செய்தார். ‘தடவை’ என்ற சொல்லுக்கு வந்து சேரவும் காரணம் உண்டு. இயல்பாக வாயில் வருவது ‘சுற்று’. ஆனால் மெக்கானிக்குக்குச் சுற்று என்றால் போல்ட்டை ஒரு முழுச் சுற்றுத் திருப்புவது. ‘இரண்டாம் சுற்று, கால் சுற்று’ என்று அடுத்தடுத்து எழுதிவிட்டால் எது வரிசை, எது திருப்பு என்று எவரும் குழம்புவார்.

90 டிகிரி என்பதை எண்ணும் குறியுமாக எழுதுவதையும் விட்டுவிட்டேன். எண்ணின் தலையில் உட்காரும் அந்தச் சிறிய வட்டம், இரண்டு முறை நகலெடுத்தால் சுழியம் போலத் தெரிகிறது. 90 என்பது 900 ஆகிவிடுகிறது. ‘கால் திருப்பு (90 டிகிரி)’ என்று எழுத்தில் எழுதினால் நகல் எத்தனை மங்கினாலும் பொருள் கெடாது. பாகை என்பது பாடப்புத்தகச் சொல். பட்டறையில் ஒருவரும் அதைச் சொல்வதில்லை.

கால் திருப்பை அளக்க டிகிரி கேஜ் இருந்தால் நல்லது. அந்தப் பட்டறையில் இல்லை. வெள்ளைப் பெயின்ட் போதும். முதல் தடவை முடிந்ததும், ஒவ்வொரு போல்ட் தலையிலும் பெல்ட் பக்கத்தைப் பார்த்தபடி ஒரு புள்ளி வைக்க வேண்டும். இரண்டாம் தடவை முடிந்ததும் அந்த எஞ்சினில் பத்துப் புள்ளிகளும் சைலன்சர் பக்கம் திரும்பியிருக்கும். மூன்றாம் தடவை முடிந்ததும் பத்தும் ஃப்ளைவீல் பக்கம். ஒரே ஒரு புள்ளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலும் நின்ற இடத்திலிருந்தே தெரிந்துவிடும். நடுவில் போன் வந்து வேலை நின்றாலும் எந்தப் போல்ட்டில் விட்டோம் என்று நினைவை நம்பி இருக்க வேண்டியதில்லை.

இங்கே ‘பெல்ட் பக்கம்’ என்று சொன்னதும் யோசித்து எடுத்த முடிவு. மூலத்தின் படத்தில் ஓர் அம்புக்குறி போட்டு ‘முன்பக்கம்’ என்று எழுதியிருந்தது. புத்தகத்தில் எஞ்சினின் முன்பக்கம் என்றால் பெல்ட் ஓடும் பக்கம். குறுக்காக வைத்த எஞ்சினில் அது காரின் ஒரு பக்கவாட்டில் இருக்கும். பானெட்டைத் திறந்து குனிந்து நிற்பவருக்கு முன்பக்கம் என்றால் தன் வயிற்றுக்கு நேராக இருக்கும் பக்கம். படத்தை அப்படியே 90 டிகிரி திருப்பிப் பிடித்து வரிசை எண்ணுவார்.

அளவை இரண்டு விதமாக, முதலில் டார்க்கிலும் பிறகு டிகிரியிலும் கொடுப்பது ஏன் என்று ஆசான் கேட்டார். நல்ல கேள்வி. இதற்கான பதிலைத் தாளின் அடியில் ஒரு கட்டத்துக்குள் எழுதினேன். ரெஞ்சில் நாம் கொடுக்கும் டார்க்கில் ஏறத்தாழ பாதி போல்ட் தலையின் அடியில் உராய்வாகப் போய்விடும். இன்னொரு நாற்பது விழுக்காடு அளவு மரையில் உராய்வாகப் போகும். ஹெட்டைப் பிளாக்கோடு சேர்த்து அழுத்த மிஞ்சுவது பத்து விழுக்காடு போலத்தான். உராய்வு கொஞ்சம் மாறினாலும் அந்தப் பத்து விழுக்காடு பெரிதாக மாறிவிடும். திருப்பும் கோணத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர் உள்ள போல்ட்டைக் கால் திருப்புத் திருப்பினால் அது 0.375 மில்லிமீட்டர் இறங்கப் பார்க்கும். தலை ஏற்கெனவே ஹெட்டின் மேல் உட்கார்ந்துவிட்டதால் இறங்க இடமில்லை, போல்ட் நீள்கிறது. இழுத்துப் பிடித்த ரப்பர் போல, நீண்ட போல்ட் சுருங்கப் பார்க்கும்போது வரும் இழுவைதான் கேஸ்கட்டை அழுத்தி வைக்கிறது. ஆகவே முதல் 40 என்பது எல்லாப் போல்ட்டையும் ஒரே தொடக்கத்தில் நிறுத்துவதற்கு. அழுத்தத்தின் பெரும்பகுதி கோணத்தில்தான் வருகிறது.

எங்கள் மாவட்டத்தில் அந்தத் தொடக்கம்தான் கெடுகிறது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக் கார்கள் வந்தால் பானெட்டைத் திறந்ததும் தெரியும். வெளியே தெரியும் போல்ட் தலையெல்லாம் செம்பழுப்பாகப் பொரிந்து நிற்கும். உப்புக் காற்றும், இரண்டு பருவத்திலும் பெய்யும் மழையும் சேர்ந்து செய்யும் வேலை. பிளாக்கின் துளையில் துருத்தூளும் பழைய சீலன்ட்டும் அடைந்திருந்தால் வைத்த டார்க் அளவு வந்ததும் கிளிக் என்று ஒலிக்கும் ரெஞ்சு 40-இல் கிளிக் சொல்லிவிடும். ஆனால் அந்த 40 துருவோடு மல்லுக்கட்டியே தீர்ந்திருக்கும். போல்ட் இன்னும் ஹெட்டை அழுத்தத் தொடங்கியிருக்காது. அங்கிருந்து கோணம் எண்ணினால் முழு அழுத்தமும் குறைந்துதான் வரும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. போல்ட்டை முதலில் விரலால் திருகிப் பார்க்க வேண்டும். மரை சுத்தமாக இருந்தால் கடைசி வரை விரலிலேயே இறங்கும். பாதியில் ரெஞ்சு கேட்டால் துளையில் ஏதோ இருக்கிறது என்று பொருள்.

மூலத்தில் இதற்கு இருந்தது ‘மரைகள் சுத்தமாக இருப்பதை உறுதிசெய்க’ என்ற ஒரே வரி. அந்த வரியை அப்படியே தமிழாக்கினேன். எப்படி உறுதிசெய்வது என்பதை விளக்கக் கட்டத்துக்குள் போட்டேன். துளையின் மரையைச் சுத்தப்படுத்த மரை வெட்டும் டேப்பைப் போடக் கூடாது. அது துருவோடு இரும்பையும் வழித்துவிடும், மரை தளர்ந்துவிடும். பழைய மரையைத் துடைப்பதற்கென்றே உள்ள சேசர் போட வேண்டும். பிறகு ஏர் கன்னால் துளையின் அடிவரை ஊதி எடுக்க வேண்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு. மூலம் சொன்னதையும் நான் சேர்த்ததையும் கலக்காமல் வைப்பதில் பிடிவாதமாக இருந்தேன். கட்டத்துக்கு வெளியே இருப்பது தயாரிப்பாளர் சொன்னது, உள்ளே இருப்பது விளக்கம். நாளை ஒரு தகராறு வந்தால் எது யார் சொன்னது என்று தாளே சொல்ல வேண்டும்.

எண்ணெய் பற்றிய வரிக்கும் இதே கவனம் தேவைப்பட்டது. ‘மெல்லியதாகத் தடவவும்’ என்று படித்த ஒருவர் போல்ட்டை ஆயில் டப்பாவில் முக்கி எடுத்தார். அந்தப் பிளாக்கில் துளைகள் அடியில் மூடியவை. சொட்டச் சொட்டப் போல்ட்டை இறக்கினால் அடியில் சேரும் எண்ணெய்க்குப் போக வழியில்லை. திரவம் அமுங்காது, போல்ட் அதை அழுத்தும், ரெஞ்சு பொய்யாகக் கிளிக் சொல்லும். மோசமானால் பிளாக்கே வெடிப்பு விடும். ஆகவே கட்டத்துக்குள் ‘ஆயில் தடவிய போல்ட்டைத் தொங்கவிட்டுப் பிடித்தால் ஒரு துளிகூடச் சொட்டக் கூடாது. துளைக்குள் ஆயில் விடக் கூடாது’ என்று முதலில் எழுதினேன். எண்ணெய் வேண்டவே வேண்டாம் என்று துடைத்துவிட்டுப் போடுவதும் தவறுதான். 40 என்ற எண் எண்ணெய் தடவிய மரைக்குக் கணக்கிட்டது. காய்ந்த மரையில் அதே 40 குறைவாகத்தான் அழுத்தும்.

தமிழில் ‘கூடாது’ வாக்கியத்தின் கடைசியில் வருவது பட்டறைத் தாளில் ஆபத்தானது. ‘பழைய ஹெட் போல்ட்டுகளை மீண்டும் பயன்படுத்தக் கூடாது’ என்ற வரியில் கடைசிச் சொல் அடுத்த வரிக்குப் போய்விட்டாலோ, அதன் மேல் கிரீஸ் விரல் பட்டுவிட்டாலோ, மிஞ்சுவது நேர் எதிரான கட்டளை. எனவே தடைகளையெல்லாம் தலைகீழாக்கினேன். ‘செய்யக் கூடாதது: பழைய ஹெட் போல்ட்டை மீண்டும் போடுவது.’ சிவப்பு எழுத்தில், ஒரே வரியில். படிக்க அழகான தமிழாக இருக்காது. பரவாயில்லை. இந்தப் போல்ட்டுகள் நீளும் எல்லைவரை இழுத்து இறுக்கப்படுபவை, ஒருமுறை நீண்டது பழைய நீளத்துக்கு வராது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில பழைய போல்ட்டுகளில் மரைப் பகுதி இடுப்பு ஒடுங்கியது போல் மெலிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். அதே போல்ட்டை இன்னொரு தடவை இழுத்தால் அறுந்துபோகலாம்.

அலகு விஷயத்தில் ஆசானின் பேச்சுக்கும் புல்லட்டினுக்கும் இடையே பாலம் போட வேண்டியிருந்தது. அவர் தலைமுறையில் டார்க்கைக் கிலோவில்தான் சொல்வார்கள். ‘நாலு கிலோ வை’ என்றால் 4 கிலோகிராம் விசை மீட்டர். பட்டறை ரெஞ்சின் கைப்பிடியில் ஒரு பக்கம் `N·m`, மறுபக்கம் `lbf·ft`. மாற்றுக் கணக்கைத் தாளின் ஓரத்தில் கொடுத்தேன்.

```
1 kgf·m  = 9.81 N·m
1 lbf·ft = 1.356 N·m
40 N·m   = 4.08 kgf·m = 29.5 lbf·ft
```

40 நியூட்டன் மீட்டரை 4 கிலோ என்று முழுமையாக்கினால் 39.2 ஆகும். நல்ல கிளிக் ரெஞ்சுக்கே நான்கு விழுக்காடு முன்பின் அனுமதி உண்டு என்பதால் இந்த வேறுபாடு கெடுதல் செய்யாது. ஆனால் 4.08 என்று புள்ளியோடு தாளில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. புள்ளி அழிந்தால் 408. ஆகவே பெரிய எழுத்தில் 40 நியூட்டன் மீட்டர், சிறிய எழுத்தில் ‘பழைய கணக்கில் ஏறத்தாழ நாலு கிலோ’. அளவு எண் எதுவும் அலகு இல்லாமல் தனியாக நிற்கக் கூடாது என்பதையும் கடைசிவரை கடைப்பிடித்தேன். வரிசை எண் 10 இருக்கிறது, வால்வு கவர் போல்ட்டின் டார்க்கும் 10. அலகு இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

அந்த வால்வு கவர் போல்ட் ஒரு புதிய செலவையும் கொண்டுவந்தது. அது 6 மில்லிமீட்டர் போல்ட், 10 நியூட்டன் மீட்டர். பட்டறையில் இருந்த அரை அங்குல ரெஞ்சின் அளவுகோல் 28 நியூட்டன் மீட்டரில்தான் தொடங்குகிறது. சில புத்தகங்களில் இந்தச் சிறிய அளவைப் பவுண்டு அங்குலத்தில் 89 என்று போட்டிருப்பார்கள். அதைப் பவுண்டு அடி என்று எடுத்து ரெஞ்சை வைத்தால் 120 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகும், கிளிக் கேட்பதற்கு வெகு முன்பே போல்ட் முறிந்துவிடும். தாளில் ‘சிறிய ரெஞ்சு தேவை. பெரிய ரெஞ்சில் செய்ய முடியாது’ என்று எழுதினேன். உரிமையாளர் நாகர்கோவிலில் கால் அங்குல ரெஞ்சு ஒன்று வாங்கிவந்தார்.

ஆசானோடு கொஞ்சம் நேரம் பேச வேண்டியிருந்தது ஒரே விஷயத்தில்தான். பழைய டீசல் எஞ்சின்களில் ஹெட் போட்டு, சூடேற ஓட்டி, ஆறியபின் மீண்டும் ஒரு பிடி இறுக்குவது வழக்கம். அந்த எஞ்சின்களுக்கு அது சரியான முறை, அவற்றின் புத்தகமே அப்படிச் சொன்னது. இந்தப் புல்லட்டின் ‘மறு இறுக்கம் தேவையில்லை’ என்கிறது. ‘தேவையில்லை’ என்று மொழிபெயர்த்தால், செய்தால் இன்னும் நல்லது என்றுதான் அனுபவசாலி எடுத்துக்கொள்வார். இங்கே ஏற்கெனவே எல்லைக்கு இழுத்த போல்ட்டை மேலும் இழுப்பதாகத்தான் முடியும். மூலத்தின் வரியை மாற்ற எனக்கு உரிமை இல்லை என்பதால் அதை அப்படியே வைத்து, கீழே கட்டத்துக்குள் காரணத்தை எழுதினேன். ஆசான் இரண்டு முறை படித்தார். “அப்படியானால் பழைய வண்டிக்குப் பழைய முறை, இதற்கு இந்த முறை. அதையும் எழுதிவிடுங்கள், பையன்கள் எல்லாவற்றுக்கும் இதையே செய்துவிடுவார்கள்” என்றார். எழுதிவிட்டேன். அந்தத் தாளில் அவர் சொல்லிச் சேர்ந்த வரி அது.

தாளின் தலைப்பில் புல்லட்டின் எண், வெளியான தேதி, எந்த எஞ்சின் எண்ணிலிருந்து எந்த எண் வரை பொருந்தும் என்பது. ‘வரை’ என்பதை அடுத்து ‘அந்த எண்ணும் சேர்த்து’ என்று போட்டேன். எல்லை எண்ணுடைய வண்டி வந்து நின்றால் வாதம் வேண்டாம். புதிய திருத்தம் வந்தால் பழைய தாளைச் சுவரிலிருந்து கிழித்தெடுப்பது உரிமையாளரின் பொறுப்பு என்று பேசிக்கொண்டோம்.

கூலன்ட் குறைகிறது என்று வந்த ஒரு வாடகைக் காரில் இந்தத் தாளை வைத்து முதல் ஹெட் ஏறியது. ஆறாவது போல்ட் விரலில் பாதிதான் இறங்கியது. தம்பி நிறுத்தி, போல்ட்டைக் கழற்றி, சேசரை மறுபடி ஓட்டி ஊதினார், கறுத்த சீலன்ட் துண்டு ஒன்று தெறித்தது. பிறகு போல்ட் விரலிலேயே இறங்கியது. மூன்று தடவையும் முடிந்தபோது பத்துப் புள்ளிகளும் ஃப்ளைவீல் பக்கம். அடுத்து அதே எஞ்சினின் இன்ஜெக்டர் பக்கத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் போல்ட்டின் மரைக்கு எண்ணெய் தடவக் கூடாது என்று இருக்கிறது. ஹெட் தாளுக்குப் பக்கத்திலேயே அதுவும் ஒட்டப்போகிறது என்பதால், ‘எண்ணெய் வேண்டும்’, ‘எண்ணெய் கூடாது’ என்ற இரண்டு வரிகளையும் இரு தாள்களிலும் ஒரே இடத்தில், வேறு வேறு நிறத்தில் வைக்க ஆசான் சொல்லியிருக்கிறார்.